சுத்தமான ஊசி கொடுத்தால் வழக்கு வருமா? பிரிவு 22 சொல்வது

போதைப்பொருளை ஊசியில் ஏற்றிக்கொள்பவருக்குப் புது ஊசியை இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசே நடத்துகிறது. கேட்டதும் பலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் இந்தத் திட்டம் போதையை ஆதரிப்பதல்ல. ஒருவரால் இன்றைக்கே பழக்கத்தை நிறுத்த முடியாவிட்டாலும், அதுவரை எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் அவரைத் தொற்றாமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம். இதைத் தீங்கு குறைப்பு என்கிறார்கள்.

சரி, சட்டம்? 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இதற்குக் காப்பு தருகிறது. சட்டமே ஓர் உதாரணம் சொல்கிறது. பதிவு பெற்ற திட்டத்தின் பணியாளர் ஒருவர், பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புதிய ஊசி கொடுக்கிறார். கொடுத்தவர் மீதும் வாங்கியவர் மீதும் அதற்காகக் குற்ற வழக்கோ உரிமையியல் வழக்கோ போட முடியாது. தகவல், ஆலோசனை, ஹெராயின் போன்ற ஓபியாய்டு போதைக்குப் பதிலாகச் சிகிச்சையாகக் கொடுக்கும் மாற்று மருந்து ஆகியவற்றுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. ஆனால் எல்லை இருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி நடப்பதற்கே இந்தக் காப்பு. சட்டைப்பையில் இருக்கும் ஹெராயினுக்கு இது பொருந்தாது. அங்கே போதைப்பொருள் தடுப்புச் சட்டம் தன் வேலையைச் செய்யும்.

பலன் உண்டா? எச்.ஐ.வி. பரவல் குறைவதை ஆய்வுத் தொகுப்புகள் காட்டுகின்றன. மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் சி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. அந்தக் கிருமி பழைய சிரிஞ்சுக்குள் பல வாரங்கள் உயிரோடு இருக்கும். மருந்தைக் கரைக்கும் கரண்டி, பஞ்சு, தண்ணீர் வழியாகவும் பரவும். அதனால் எப்போதாவது ஒரு ஊசி கொடுத்தால் போதாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 மதிப்பாய்வின்படி, மாற்று மருந்து எடுத்துக்கொண்டவர்களுக்குத் தொற்று ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒவ்வொரு முறைக்கும் புது ஊசியும் சேர்ந்து கிடைத்தவர்களுக்கு அது 74 சதவீதம் வரை குறைந்தது. ஊசி மட்டும் கொடுத்த இடங்களில் ஐரோப்பாவில் நல்ல பலன் தெரிந்தது; மற்ற இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இலவச ஊசி போதைப் பழக்கத்தைப் பெருக்கும் என்ற பயத்துக்கு, 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பாய்வு நம்பத்தக்க சான்று எதையும் காணவில்லை. தகவல் கொடுப்பது பற்றி மட்டும் கொஞ்சம் அடக்கிச் சொல்ல வேண்டும். பகிர்வது ஆபத்து என்று துண்டுப் பிரசுரத்தில் படித்தவரிடம் மறுநாள் புது ஊசி இல்லையென்றால், பழையதைத்தான் எடுப்பார். தகவல் ஊசியோடு சேர்ந்து போகும்போதுதான் பயன்படுகிறது. அதுவும் அதே பழக்கத்தைக் கடந்து வந்த ஒருவர் நேரில் சொன்னால் கேட்பார்கள். இந்தத் திட்டத்தில் அத்தகையவர்களைக் களப்பணியாளர்களாக வைப்பது அதனால்தான்.

எச்.ஐ.வி. பரிசோதனை பற்றியோ அருகில் என்ன சேவை இருக்கிறது என்றோ கேட்க, 1097 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது.