பில்லுக்கு டைம் கேட்கறதா இருந்தா தேதியோட கேளுங்க

திருப்பூர்ல சின்ன பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கு பார்க்கறேன். "சார், டையிங்காரர் நெருக்கறாரு, டைம் கேட்டு ஒரு லெட்டர் போட்டுக் கொடுங்க"ன்னு வர்றவங்க பெரும்பாலும் டியூ தேதி தாண்டி, ரெண்டு மூணு போனை எடுக்காம விட்டுட்டுத்தான் வர்றாங்க. அதுக்கப்புறம் எவ்வளவு நல்லா எழுதினாலும் அவர் நம்பணுமே.

ஒரு பார்ட்டி மட்டும் முன்னாடியே வந்தாரு. ஆகஸ்ட் 5 பில், 6 லட்சம், 30 நாள் கிரெடிட், அதாவது செப்டம்பர் 4க்குள்ள கட்டணும், ஆனா ஷிப்மென்ட் தள்ளிப்போய் பையர் பணம் அக்டோபர் 8 வாக்கிலதான் வரும்னு நிலைமை. அவர் எழுதிட்டு வந்தது "கொஞ்சம் அவகாசம் கொடுங்க, சீக்கிரம் செட்டில் பண்றோம்". இதை வச்சு டையிங்காரர் அவரோட கலர் கெமிக்கல் கடைக்கு என்ன பதில் சொல்வாரு? அடிச்சுட்டு இப்படி மாத்தினோம்:

"தங்கள் பில்லில் ரூ.6,00,000 நிலுவை உள்ளதை உறுதி செய்கிறோம். ஷிப்மென்ட் தாமதத்தால் முழுத் தொகையையும் கெடு தேதிக்குள் செலுத்த இயலவில்லை. செப்டம்பர் 4 அன்று ரூ.1,50,000, செப்டம்பர் 19 அன்று ரூ.2,00,000, அக்டோபர் 15 அன்று ரூ.2,50,000 செலுத்த அனுமதி கோருகிறோம். தங்கள் சம்மதத்தை எழுத்தில் தெரிவிக்கவும்."

முதல் ஒன்றரை லட்சம் கரண்ட் அக்கவுண்ட்ல இருந்த பணம், ரெண்டாவது லோக்கல் பார்ட்டிகிட்ட வரவேண்டிய வசூல், மூணாவது பையர் பணம், அதுக்கு மட்டும் ஒரு வாரம் கூடுதலா வச்சோம், ஏன்னா வெளிநாட்டுப் பணம் சொன்ன தேதிக்கு வந்தா அதிசயம். எங்கிருந்து வரும்னு தெரியாத பணத்துக்குத் தேதி போடவே போடாதீங்க, அந்தத் தேதிக்கு செக் கொடுத்து பவுன்ஸ் ஆச்சுன்னா செக் கேஸ் வரைக்கும் போகும்.

பல பேருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு இருக்கு. டையிங்காரர் சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு பண்ணின மைக்ரோ இல்ல ஸ்மால் யூனிட்டா இருந்தா, அவரே எழுத்துல சம்மதிச்சாலும் சட்டப்படி 45 நாளுக்கு மேல கெடு நீளாது. சரக்கை பில் போட்ட அன்னைக்கே வாங்கினதால இங்க அது செப்டம்பர் 19. அதனாலதான் ரெண்டாவது தவணையை அங்க வச்சோம். மிச்ச ரெண்டரை லட்சத்துக்கு அவர் கேட்டா ரிசர்வ் வங்கியோட பேங்க் ரேட் மாதிரி மூணு மடங்கு வட்டி, அதுவும் மாசாமாசம் கூட்டுவட்டி. வருமான வரியிலயும் கெடு தாண்டின தொகையை மார்ச் 31க்குள்ள கட்டாம விட்டா அந்த வருஷ செலவா எடுக்க முடியாது, கட்டற வருஷத்துலதான் எடுக்கலாம். அக்டோபர்ல முடியறதால இவருக்கு அந்தத் தலைவலி இல்ல, பிப்ரவரி பில்லுன்னா யோசிக்கணும்.

பணம் அனுப்பறப்ப ரிமார்க்ஸ்ல பில் நம்பரைப் போடுங்க. போடலைன்னா எந்த பில்லுல வரவு வைக்கறதுங்கறது டையிங்காரர் இஷ்டம், நடுவுல எடுத்த புது பில்லுல வரவு வச்சுட்டு பழைய பாக்கி அப்படியே நிக்குதும்பாரு.