பரிசாக வந்த கிரைண்டரும் வராத பில்லும்

சென்ற வாரம் ஓர் இளம் தம்பதியர் வெள்ளவத்தையில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கலியாணத்துக்கு வந்த கிரைண்டர். பெட்டியைப் பிரித்த மூன்றாம் நாள் சம்பலுக்குத் தேங்காய்ப்பூ அரைக்கும்போது கருகிய மணம் எழுந்து நின்றுவிட்டதாம். கடைக்குக் கொண்டுபோனால், "பில் இருக்கிறதா? நீங்கள் வாங்கவில்லையே, வாங்கியவரை வரச் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். இவர்களும் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். சட்டத்தரணியாக இதே கதையை எத்தனை முறைதான் கேட்பது!

பணம் கொடுத்தவருக்கு மட்டுந்தான் உரிமை என்ற எண்ணம் நம்மவரிடம் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 'நுகர்வோர்' என்பதற்குத் தரும் பொருளைப் பாருங்கள். விலைக்கு விற்கப்படும் பொருளை உண்மையில் பயன்படுத்துபவரும், பயன்படுத்தக்கூடியவரும் நுகர்வோரே. வாங்கியவர் என்று அது நிறுத்திக்கொள்ளவில்லை. மாமா பணம் கொடுத்தார், மருமகள் அரைத்தாள், மருமகளும் நுகர்வோர்தான். பழுதான பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, நட்ட ஈடு கொடுக்கவோ கட்டளையிடும் அதிகாரம் அந்தச் சபைக்கு உண்டு. ஆனால் நீதிமன்றத்தில் விற்பனை ஒப்பந்தத்தின் பேரில் வழக்காடுவதானால் வாங்கியவர் முன்வர வேண்டியிருக்கும். அதனால்தான் பரிசு கொடுத்தவரிடம் "இன்ன நாளில் இன்ன கடையில் வாங்கி இன்னாருக்குக் கொடுத்தேன்" என்று இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவது என் வழக்கம்.

அப்படியானால் பில் எதற்கு? அந்தப் பொருள் அந்தக் கடையில், அந்த நாளில் விற்கப்பட்டது என்று காட்டுவதற்கு. அதைக் கடை கேட்பதில் தவறில்லை. ஆனால் அதே விஷயத்தை வேறு வழியிலும் காட்டலாம். கடை முத்திரையும் திகதியும் உள்ள உத்தரவாத அட்டை, வாங்கியவரின் வங்கி அட்டைக் கணக்கு, கடையில் கொடுத்த தொலைபேசி இலக்கத்தில் பதிவான கொள்வனவு, பெட்டியில் உள்ள தொடர் இலக்கம் எல்லாமே சான்றுகள்.

இதெல்லாம் பழுதுக்கு. சேலையின் நிறம் பிடிக்கவில்லை, இரண்டு ரைஸ் குக்கர் வந்துவிட்டது என்பவை வேறு விஷயம். அங்கே உங்களுக்குச் சட்ட உரிமை கிடையாது; கடையின் மாற்று விதிதான். பரிசுப் பற்றுச்சீட்டு உதவுவது இந்த இடத்தில். விலை மட்டும் அச்சாகாமல், திகதியும் பில் இலக்கமும் இருக்கும் துண்டு அது. காசாளர் அந்த இலக்கத்தைத் தட்டினால் கொடுத்த விலை அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. பெரும்பாலும் பணமாகத் தரமாட்டார்கள். வேறு பொருளோ கடை வவுச்சரோ கிடைக்கும். அந்தத் துண்டு இல்லாவிட்டால், மாற்றிக் கொடுக்கச் சம்மதிக்கும் கடையும் நீங்கள் கொண்டுபோகும் நாளின் மலிவு விலையைத்தான் கணக்கில் எடுக்கும்.

கிரைண்டர் விஷயத்துக்கு வருகிறேன். மாமா வாங்கியது ஜூன் 14. கலியாணம் 21. இருவரும் கொட்டாஞ்சேனையில் பெற்றோருடன் இருந்துவிட்டு, தனிவீடு கிடைத்த பிறகு ஒக்டோபர் 2இல்தான் பெட்டியைப் பிரித்தார்கள். சபைக்கு எழுத்தில் முறைப்பாடு செய்ய மூன்று மாதந்தான் உண்டு. அதுவும் விற்ற நாளிலிருந்து. நீங்கள் பிரித்த நாளிலிருந்து அல்ல. செப்டெம்பர் நடுப்பகுதியோடு அந்தக் கதவு சாத்தப்பட்டுவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரு வருட உத்தரவாதம். பெட்டிக்குள் இருந்த அட்டையோ வெறுமையாக இருந்தது. விலை தெரியக்கூடாது என்று மாமா பில்லைக் கிழித்தெறிந்திருந்தார், அட்டையில் முத்திரை குத்தவும் விடவில்லை. நல்லவேளையாக அவர் வங்கி அட்டையில்தான் பணம் செலுத்தியிருந்தார். வங்கி அனுப்பிய குறுஞ்செய்தியில் திகதியும் தொகையும் நேரமும் இருந்தன. அதை வைத்துக் கடைக்காரர் தன் கணினியில் பில்லைக் கண்டுபிடித்து, பிரதியெடுத்து, உத்தரவாத அட்டையில் முத்திரை குத்திக் கொடுத்தார். இறக்குமதி முகவர் மோட்டாரை மாற்றித் தந்தார். மூன்று மாதத்துக்குள் வந்திருந்தால் புதுக் கிரைண்டரே கேட்டிருப்பேன்.

பரிசுப் பெட்டிகளை அலமாரியின் மேல் அடுக்கி வைக்காதீர்கள். வந்த வாரத்திலேயே மின்சாரப் பொருட்களைப் பிரித்து ஓடவிட்டுப் பாருங்கள். பழுதென்றால் கடையோடு வாய்ப்பேச்சில் வாரக்கணக்கைக் கழிக்க வேண்டாம். சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் முறைப்பாட்டை எழுதியே கொடுங்கள். பொருளின் படத்தையும் தொடர் இலக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பரிசு கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கேட்டால் பற்றுச்சீட்டு தரவேண்டியது வியாபாரியின் கடமை, கேளுங்கள். உத்தரவாத அட்டையில் திகதியோடு முத்திரை குத்தச் சொல்லுங்கள், அதில் விலை இருக்காது. பில்லைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் அச்சு சில மாதங்களில் வெளுத்துப்போகும். யாராவது தயங்கித் தயங்கிக் கேட்டு வந்தால், கோபிக்காமல் அந்தப் படத்தை அனுப்பிவிடுங்கள்.