7.1 என்றால் ஏழு அடி ஓரங்குலமா, பத்தங்குலமா?

வன்னியில் குளத்து நீர்மட்டத்தைப் பெரும்பாலும் அடி, அங்குலத்தில்தான் சொல்வார்கள். அளவுகோலைப் பார்த்துக் கொப்பியில் 7 அடி 10 அங்குலம் என்று எழுதியிருப்பதை, கணினியில் ஏற்றுபவர் சுருக்கமாக 7.10 என்று அடித்துவிடுவார். எக்செல்லுக்கு அது வெறும் தசம எண். கடைசிப் பூச்சியத்தை விட்டுவிட்டு 7.1 என்று வைத்துக்கொள்ளும். ஏழு அடி ஓர் அங்குலத்தை அடித்தாலும் அதே 7.1 தான். கோப்பைச் சேமித்த பிறகு இரண்டையும் பிரித்தறிய அந்தக் கட்டத்தில் எந்தத் தடயமும் இருக்காது.

வித்தியாசம் 9 அங்குலம். நீர் 100 ஏக்கருக்குப் பரந்து நிற்கும் குளமென்றால் அது 75 ஏக்கர்-அடி தண்ணீர். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் தீர்மானிக்கும்போது இது சின்னக் கணக்கு அல்ல.

ஆகவே இப்படியொரு கோப்பைத் துப்புரவாக்குபவர் முதலில் சந்தேகக் கட்டங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். அளவு C5 இல் இருந்தால் இந்தச் சூத்திரம் போதும்:

```
=ROUND(MOD(C5,1)*100,0)
```

விடை 20, 30 என்று 90 வரை வந்தால் பத்தால் வகுக்க அங்குலம் கிடைக்கும். 11 வந்தால் பதினொரு அங்குலமேதான். 10 வந்தால் மட்டும் ஒன்றா பத்தா என்று தெரியாது. 25, 47 போல வேறு ஏதும் வந்தால் யாரோ உண்மையிலேயே தசம அடியில் எழுதியிருக்கலாம், அதையும் கேட்க வேண்டும். 0 வந்தால் முழு அடி. ஆனால் வெற்றுக் கட்டமும் 0 தான் தரும், கவனம்.

இன்னொரு பொறி உண்டு. சில கட்டங்களில் 7.10 எழுத்தாகவே பதிந்திருக்கும். இடப்பக்கம் ஒட்டி நிற்கும், மூலையில் சிறு பச்சை முக்கோணம் தெரியும். அதை எண்ணாக மாற்றச் சொல்லி எக்செல் கேட்கும். மாற்றினீர்களோ, பிழைத்திருந்த பூச்சியமும் போய்விடும். முதலில் அங்குலத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, அப்புறம் எதையும் மாற்றலாம்.

மிஞ்சும் 7.1 களுக்கு அக்கம்பக்க நாட்களைப் பார்க்கலாம். நவம்பர் 11 இல் 7.8, 12 இல் 7.1, 13 இல் 7.11 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் நிற்பது பத்து அங்குலம்தான் என்று துணிந்து சொல்லலாம். ஆனால் டிசம்பர் மழையில் 8 ஆம் திகதி 9.11, 9 ஆம் திகதி 10.1, 10 ஆம் திகதி 11.2 என்றால்? முதல் நாள் 2 அங்குலமும் மறுநாள் 13 அங்குலமும் ஏறியிருக்கலாம். 11 உம் 4 உம் ஏறியிருக்கலாம். இரண்டும் நடக்கக்கூடியவை. இதைக் கொப்பிதான் தீர்க்கும்.

கொப்பி கமக்காரர் அமைப்பின் செயலாளரிடம் இருக்கும். கோப்போடு அனுப்பும் மின்னஞ்சல் அவர் கொப்பியை விரித்துப் பார்க்கும்படி இருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், துப்புரவாக்கும்போது தாளின் அமைப்பு மாறிவிட்டது. பழைய தாளில் மாதங்கள் குறுக்கே, திகதிகள் கீழே. புதியதில் ஒரு நாளுக்கு ஒரு வரி. "L14 ஐப் பாருங்கள்" என்றால் எந்தத் தாளின் L14? புதிய தாளை யாராவது வரிசைமாற்றினால் அந்த முகவரியும் நகர்ந்துவிடும். மஞ்சள் நிறம் அடித்து வைப்பதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. CSV ஆகச் சேமித்தால் நிறம் போய்விடும். பழைய முகவரிக்கு ஒரு நிரல், நிலைக்கு ஒரு நிரல் என்று வைத்தால் இரண்டும் வரியோடு கூடவே போகும்.

மின்னஞ்சல் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

> வணக்கம் ஐயா,
>
> குளத்து நீர்மட்டக் கோப்பை இணைத்துள்ளேன். நீங்கள் தந்த தாளில் ஒன்றையும் மாற்றவில்லை, அது "பழையது" என்ற தாளில் அப்படியே இருக்கிறது. "புதியது" தாளில் ஒரு நாளுக்கு ஒரு வரி. அடியும் அங்குலமும் தனித்தனி நிரலில் உள்ளன. பெப்ரவரி 30 போன்ற இல்லாத திகதிகளின் வெற்றுக் கட்டங்களை விட்டுவிட்டேன்.
>
> நவம்பர் 12 (பழைய L14) 7.1 என்றிருந்தது. முன்பின் நாட்களைப் பார்த்து 10 அங்குலம் என்று போட்டுள்ளேன், நிலை "ஊகம்". டிசம்பர் 9 (பழைய M11) 10.1 என்றிருக்கிறது. 10 அடி 1 அங்குலமா, 10 அடி 10 அங்குலமா என்று தெரியவில்லை. அங்குலத்தை வெறுமையாக விட்டுள்ளேன், நிலை "பார்க்கவும்". கொப்பியில் இந்த இரண்டு நாட்களையும் பார்த்துச் சொன்னால் போதும்.

வெறுமையாக விட்டது வேண்டுமென்றுதான். நடுவில் ஒரு சராசரியைப் போட்டால் ஏறக்குறைய 10 அடி 6 அங்குலம் என்று வரும். கொப்பியில் அப்படி ஓர் அளவு நிச்சயமாக இல்லை, ஆனால் வரைபடத்தில் மற்ற எல்லாவற்றையும்விட ஒழுங்காகத் தெரியும், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். செயலாளரின் பதில் வந்ததும் அங்குலத்தை நிரப்பி, நிலையை "கொப்பி" என்று மாற்றினால் சரி.