த்ரூபுட்: செயல்திறன் அல்ல, மின்போக்கு

திருப்பாதிரிப்புலியூரில் என் சித்தப்பா மொட்டை மாடியில் சோலார் போட்டு, மாடிப்படிக்குக் கீழே 10 யூனிட் கொள்ளளவுள்ள பேட்டரி வைத்திருக்கிறார். போன வாரம் அதன் உத்தரவாதத் தாளை என்னிடம் நீட்டி, "ஏம்பா, ஆற்றல் செயல்திறன் 30 மெகாவாட் மணின்னு போட்டிருக்கான். நல்ல பேட்டரிதானே?" என்று கேட்டார். கூடவே இருந்த ஆங்கிலத் தாளில் அந்த இடத்தில் 'எனர்ஜி த்ரூபுட்' என்று இருந்தது. இந்தத் தமிழாக்கத்தை இதோடு எத்தனையோ தாள்களில் பார்த்துவிட்டேன். தவறு.

இன்புட் என்றால் உள்ளீடு, அவுட்புட் என்றால் வெளியீடு. த்ரூபுட் என்பது ஒன்றின் வழியாகக் கடந்துபோன அளவு. தொழிற்சாலையிலும் கணினியிலும் அதை மணிக்கு இத்தனை, வினாடிக்கு இத்தனை என்று ஒரு வேக அளவாகக் கணக்கிடுவார்கள். 'செயல்திறன்' அங்கிருந்துதான் வந்து ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். பேட்டரி உத்தரவாதத்தில் வேகத்துக்கு வேலையில்லை. பொருத்திய நாளிலிருந்து அந்தப் பேட்டரி கொடுத்த மொத்த யூனிட்டைத்தான் அங்கே எண்ணுகிறார்கள்.

செயல்திறன் என்ற சொல் பேட்டரியில் ஏற்கெனவே வேறொன்றுக்குப் பெயர். பத்து யூனிட் ஏற்றி ஒன்பது யூனிட் திரும்ப எடுத்தால் செயல்திறன் 90 விழுக்காடு. அது விகிதம், அதற்கு அலகே கிடையாது. 'செயல்திறன் 30 மெகாவாட் மணி' என்று எழுதியவர் தான் எழுதியதை ஒருமுறை படித்திருந்தாலே கை நின்றிருக்கும். செயல்திறன் என்றதும் சித்தப்பா அதைப் பெருமையாகப் படித்தார். அது ஒரு வரம்பு என்பது அவருக்குத் தெரியவே இல்லை. பைக்குக்கு மூன்று வருடம் அல்லது 30,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதோடு உத்தரவாதம் முடியும் என்கிறார்களே, அதே கணக்குதான் இது. அவர் தாளில் 10 வருடம் அல்லது 30 மெகாவாட் மணி. அதாவது 30,000 யூனிட்.

வீட்டின் கீழே டெய்லர் கடை. பகல் மின்வெட்டில் மெஷின்கள், இரவில் ஏசி எல்லாம் சேர்த்துப் பேட்டரியிலிருந்து நாளைக்கு 12 யூனிட் போகிறது. வருடத்துக்கு 4,380. அப்படியானால் 30,000 யூனிட் ஏறக்குறைய 6 வருடம் 10 மாதத்தில் தீர்ந்துவிடும். பத்து வருட உத்தரவாதம் என்று அவர் நம்பியது அதோடு சரி.

சுழற்சிக் கணக்கும் இதற்குள்ளேயே இருக்கிறது. இன்று பாதி, நாளை பாதி எடுத்தால் இரண்டும் சேர்ந்து ஒரு முழுச் சுழற்சி. 30,000 யூனிட்டை 10 யூனிட்டால் வகுத்தால் 3,000 சுழற்சி. விளம்பரத் தாளிலோ 6,000 சுழற்சி என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அது 25 டிகிரி ஆய்வகத்தில் எடுத்த எண் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கடலூர் மே மாதத்தில் மாடிப்படிக்கு அடியில் 25 டிகிரிக்கு எங்கே போவது? கம்பெனி பொறுப்பேற்பது 3,000 சுழற்சிக்குத்தான்.

பத்து வருடக் கடைசியில் 70 விழுக்காடு என்பதை 'தக்கவைப்புத் திறன்' என்று போட்டிருந்தார்கள். சும்மா வைத்தாலும் சார்ஜ் இறங்காது என்றுதான் அதைப் படிப்பவர் நினைப்பார். 'எஞ்சும் கொள்ளளவு' என்றால் குழப்பமில்லை. முழுக்க ஏற்றிய பேட்டரி அப்போது 7 யூனிட்டாவது தர வேண்டும். அந்த வாக்குறுதியும் 30,000 யூனிட் வரைக்குமே.

சரி, த்ரூபுட்டுக்கு என்ன சொல்வது? தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'ஊடாற்றல்' என்கிறார். சொல் சுத்தம்தான். ஆனால் டெய்லர் கடைக்காரருக்கு அது ஏதோ ஒருவகை ஆற்றல் என்றே படும்; கூட்டிக்கொண்டே போகும் ஓர் அளவு என்று படாது. நம் மாவட்டத்தில் வீராணம் ஏரியைப் பற்றிப் பேசும்போது கொள்ளளவு வேறு, வரத்து வேறு, போக்கு வேறு என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிரித்துப் பேசுகிறோம். வடவாற்றில் வருவது வரத்து. ஒரு போகம் முழுக்க மதகு வழியே போனது ஏரியின் கொள்ளளவைவிடப் பல மடங்கு இருக்கலாம். பேட்டரியும் அப்படியே. ஆகவே 'மொத்த மின்போக்கு' என்பேன். 'காலப்போக்கு' போன்ற பொருளோடு குழம்புமே என்பார்கள். பக்கத்தில் யூனிட் நிற்கும்போது யாருக்கும் குழம்பாது. இன்னொரு வசதி: சில தாள்களில் ஏற்றியதையும் எடுத்ததையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். அங்கே வரம்பு பாதிக் காலத்திலேயே வந்துவிடும். அதை 'வரத்தும் போக்கும்' என்று எழுதினால் வேறுபாடு கண்ணில் படும். ஊடாற்றலில் அது மறைந்துபோகும்.

சித்தப்பாவின் தாள் எடுத்ததை மட்டுமே எண்ணுவது. இன்வெர்ட்டர் திரையில் மொத்த டிஸ்சார்ஜ் 4,402 யூனிட் என்று காட்டியது. தாளில் 'செயல்திறன்' என்பதை அடித்து, மேலே 'மொத்த மின்போக்கு' என்று எழுதி, ஓரத்தில் தேதியும் போட்டேன். "மிச்சம் 25,598" என்று அவரே அதன் கீழே எழுதிக்கொண்டார்.