நான்காவது எலக்ட்ரான் எங்கே போகிறது?

ஈசூனில் உயர்நிலை நான்கில் படிக்கும் மாணவி ஒருவர் எனக்கு இப்படி எழுதியிருந்தார்: "கிராஃபைட்டிலும் ஃபுல்லரீனிலும் ஒவ்வொரு கார்பன் அணுவும் மூன்று அணுக்களோடுதான் பிணைந்திருக்கிறது. பிறகு ஏன் கிராஃபைட் மட்டும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது?" பாடநூல்கள் விரைந்து தாண்டிப் போகும் இடத்தில் அவர் நின்று கேட்டிருக்கிறார்.

கார்பனின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள் இருக்கின்றன. வைரத்தில் நான்கும் நான்கு திசைகளில் பிணைப்புக்குப் போய்விடுகின்றன. எந்தப் பக்கம் அழுத்தினாலும் வலுவான பிணைப்புகளை உடைத்தாக வேண்டும் என்பதால் அது கடினமானது, உலவ எலக்ட்ரான் மிஞ்சாததால் அது மின்காப்புப் பொருள்.

கிராஃபைட்டில் மூன்று எலக்ட்ரான்கள் மட்டுமே அறுகோணத் தகடுகளைக் கட்டுகின்றன. அதன் பிணைப்புகள் பலவீனமானவை என்று பலர் தேர்வில் எழுதுவது தவறு. தகட்டுக்குள் அணுக்களின் இடைவெளி 0.142 நானோமீட்டர், வைரத்தில் 0.154. நெருக்கமான இந்தப் பிணைப்பு வைரத்தினுடையதைவிட வலுவானது. தகடுகளுக்கு இடையேதான் 0.335 நானோமீட்டர் இடைவெளியும் மெல்லிய ஈர்ப்பும் இருப்பதால் அவை வழுக்கிக்கொண்டு நகர்கின்றன. நான்காவது எலக்ட்ரான் தகடு முழுவதும் உலவுகிறது. 6பி பென்சிலால் காகிதத்தில் தடிப்பாக ஒரு பட்டை தீட்டி, இரு முனைகளிலும் மல்ட்டிமீட்டர் ஊசிகளை வைத்தால் ஓம் அளவு தெரியும். ஊசிகளை நெருக்கினால் அது குறையும்.

1985இல் கண்டறியப்பட்ட சி60 ஃபுல்லரீன், அறுபது கார்பன் அணுக்கள் பந்துபோல் இணைந்த மூலக்கூறு. அதிலும் அறுபது அணுக்களுக்கும் நான்காவது எலக்ட்ரான் மிஞ்சுகிறது. ஆனால் அவை உலவும் பரப்பு, 0.7 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு பந்தோடு முடிந்துவிடுகிறது. பந்து உறுதியானதுதான், பந்துகளை அடுக்கி வைத்திருக்கும் ஈர்ப்பு மெல்லியது என்பதால் அந்தத் திண்மம் மென்மையாக இருக்கிறது.

மின்கடத்தலுக்கு நம் வீவக பேட்டைகளின் பலமாடி வாகன நிறுத்துமிடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். வண்டிகள்தான் எலக்ட்ரான்கள், தளங்கள்தான் அவை இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகள். நிரம்பிய தளத்தில் எந்த வண்டியும் நகர இடமில்லை. காலியான தளத்தில் நகர வண்டியே இல்லை. சி60இல் அறுபது எலக்ட்ரான்களும் இரண்டிரண்டாக முப்பது ஆற்றல் நிலைகளைச் சரியாக நிரப்பிவிடுகின்றன. அடுத்த காலித் தளம் ஆற்றலில் ஒன்றரை எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. கிராஃபைட்டின் பெரிய தகட்டில் எண்ணற்ற நிலைகள் நெருங்கி, நிரம்பிய தளமும் காலித் தளமும் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஆகவே அங்கே நகர வழியுண்டு.

என்னைப் பெரிதும் கவர்ந்தது இனி வருவதுதான். சி60இன் அந்தக் காலித் தளத்தில் ஆறு இடங்கள் உண்டு. ஒரு பந்துக்கு மூன்று பொட்டாசிய அணுக்களைச் சேர்த்தால், அவை தரும் மூன்று எலக்ட்ரான்கள் அதைப் பாதியளவு நிரப்புகின்றன. அந்தப் பொருள் உலோகம்போல் மின்சாரத்தைக் கடத்துகிறது, ஏறத்தாழ 18 கெல்வினுக்குக் கீழே மின்தடையே இல்லாத மீக்கடத்தியாகவும் ஆகிறது. இது 1991இல் கண்டறியப்பட்டது. அதே பந்துக்கு ஆறு பொட்டாசிய அணுக்களைக் கொடுத்தால் அந்தத் தளமும் நிரம்பிவிடுகிறது, கடத்தலும் நின்றுவிடுகிறது.