எத்தனை டின்னைத் திறந்தால் போதும்?

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் உணவுப் பொருள் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு டின்மீன் வந்து இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 பெட்டி, பெட்டிக்கு 24 டின், மொத்தம் 4,800. உள்ளே இருக்கும் மீனின் நிறை இவ்வளவு என்று லேபலில் போட்டிருக்கிறது. டின்னைத் திறந்து, நீரை வடித்து, தராசில் வைத்தால்தான் அது உண்மையா என்று தெரியும். திறந்த டின்னைத் திரும்ப விற்க முடியாது. ஆகவே எத்தனை டின்னைத் திறப்பது என்பது நேரே காசைத் தொடும் கேள்வி.

விற்றவரும் வாங்குபவரும் முதலிலேயே இப்படிப் பேசி வைத்திருக்கிறார்கள். நிறை குறைந்த டின் நூற்றுக்கு 2 என்றால் அது நல்ல சரக்கு. அப்படிப்பட்ட சரக்கைத் தவறுதலாகத் திருப்பி அனுப்பும் வாய்ப்பு 5 வீதத்தைத் தாண்டக் கூடாது. நூற்றுக்கு 8 என்றால் கெட்ட சரக்கு. அதைத் தவறுதலாக ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு 10 வீதத்தைத் தாண்டக் கூடாது.

இந்த நான்கு எண்களையும் வைத்துக் கணக்குப் போட்டால் வழக்கமான திட்டம் ஒன்று கிடைக்கும்: 98 டின்னைத் திற. குறை டின் 4 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஏற்றுக்கொள், 5 அல்லது அதற்கு மேல் என்றால் திருப்பி அனுப்பு. இரண்டு நிபந்தனைகளும் இதில் சரியாக நிறைவேறுகின்றன. ஆனால் முதல் 50 டின்னில் ஒரு பழுதுகூட இல்லாவிட்டாலும் மீதி 48 டின்னையும் திறந்தே ஆகவேண்டும். கையில் வந்த தகவலை இந்தத் திட்டம் இடையில் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

இதே மனக்குறைதான் 1943இல் அமெரிக்கக் கடற்படைக்காக வெடிபொருள் சோதனைகளைத் திட்டமிட்டவர்களுக்கும் இருந்தது. அனுபவமுள்ள ஓர் அதிகாரி சோதனையின் நடுவிலேயே முடிவைக் கண்டுகொள்வார், பிறகு எதற்கு மிச்சத்தையும் சுட்டுத் தீர்க்க வேண்டும் என்று கடற்படைத் தரப்பில் கேட்டார்கள். கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இயங்கிய புள்ளிவிபர ஆய்வுக் குழுவில் அலன் வாலிஸ், மில்டன் ஃபிரீட்மன் ஆகியோர் இதைப் பற்றிப் பேசி, ஆபிரகாம் வால்டிடம் கொண்டுபோனார்கள். அவர் கண்டுபிடித்ததுதான் தொடர்முறை நிகழ்தகவு விகிதச் சோதனை. போர்க்காலம் என்பதால் 1945வரை அது வெளியே விடப்படவில்லை. (வால்ட் 1950 டிசம்பரில், இந்தியாவில் விரிவுரைப் பயணத்தில் இருந்தபோது, நீலகிரி மலையில் நடந்த விமான விபத்தில் மனைவியோடு இறந்துபோனார். அப்போது அவருக்கு 48 வயது.)

சரி, நம் டின்களுக்கு வருவோம். ஒரு டின்னைத் திறக்கிறோம், அது குறை டின். கெட்ட சரக்கில் இப்படி நடக்கும் வாய்ப்பு 8 வீதம், நல்ல சரக்கில் 2 வீதம். அதாவது இந்த ஒரு டின், "இது கெட்ட சரக்கு" என்ற பக்கத்தை நான்கு மடங்கு பலப்படுத்துகிறது. திறந்த டின் நல்லதாக இருந்தால்? அதற்கான வாய்ப்பு ஒரு பக்கம் 92 வீதம், மறுபக்கம் 98 வீதம். 92ஐ 98ஆல் வகுத்தால் 0.939. நல்ல டின் கெட்ட பக்கத்தைக் கொஞ்சமே கொஞ்சம் தளர்த்துகிறது. ஒவ்வொரு டின்னுக்கும் இந்த விகிதத்தைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். விகிதம் 18க்கு ஏறினால் திருப்பி அனுப்பலாம். ஏறக்குறைய பத்தில் ஒன்றாக இறங்கினால் ஏற்றுக்கொள்ளலாம். இந்த எல்லைகளும் பேசி வைத்த அபாயங்களிலிருந்தே வருகின்றன: 0.90ஐ 0.05ஆல் வகுத்தால் 18, 0.10ஐ 0.95ஆல் வகுத்தால் 0.105.

களஞ்சியத்தில் நின்றுகொண்டு யாரும் பெருக்கல் செய்ய மாட்டார்கள். அதை மதிப்பெண்ணாக மாற்றிவிடலாம். ஒரு குறை டின் ஏற்படுத்திய நான்கு மடங்கு சந்தேகத்தைக் கரைக்க எத்தனை நல்ல டின் வேண்டும் என்று பார்த்தால் விடை கிட்டத்தட்ட 22. அதே அளவுகோலில் திருப்பி அனுப்பும் எல்லை 46 புள்ளி தள்ளியும், ஏற்கும் எல்லை 36 புள்ளி தள்ளியும் விழுகின்றன. எனவே விதி இப்படி ஆகிறது: 46இல் தொடங்கு. நல்ல டின்னுக்கு ஒன்று கூட்டு. குறை டின்னுக்கு 22 கழி. 82ஐத் தொட்டால் ஏற்றுக்கொள். பூச்சியத்தைத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ திருப்பி அனுப்பு. இரண்டும் நடக்காதவரை அடுத்த டின்னைத் திற. பென்சிலும் தாளும் போதும்.

ஒரு சரக்கில் 9ஆவது டின் பழுது என்று வைப்போம். அதுவரை எட்டு நல்ல டின், ஆகவே 54. பழுது வந்ததும் 32. பிறகு 21 நல்ல டின், 53. 31ஆவது டின் மறுபடி பழுது, 31க்கு இறக்கம். அதற்குப் பின் தொடர்ந்து 51 நல்ல டின் வந்தால் 82ஆவது டின்னில் கணக்கும் 82ஐத் தொடும். ஏற்றுக்கொள்ளலாம். இன்னொரு சரக்கில் 4, 11, 19 ஆகிய டின்கள் பழுது. மூன்று நல்லதுக்கு 49, பழுதால் 27. ஆறு நல்லது, 33. பழுது, 11. ஏழு நல்லது, 18. பழுது, மைனஸ் 4. 19 டின்னோடு விஷயம் முடிந்தது.

பழுதே இல்லாமல் போனால் 36 டின்னில் சோதனை முடிந்துவிடும். வெறும் 36 டின்னை நம்பலாமா என்று கேட்பவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூற்றுக்கு 8 பழுதுள்ள சரக்கில் தொடர்ந்து 36 நல்ல டின் வருவதற்கு வாய்ப்பு 5 வீதம்தான். நூற்றுக்கு 2 உள்ள சரக்கில் அது 48 வீதம். நல்ல சரக்குகளில் கிட்டத்தட்டப் பாதி 36 டின்னோடு வீட்டுக்குப் போய்விடும்.

சராசரி என்ன? நூற்றுக்கு 2 பழுதுள்ள சரக்குக்குச் சுமார் 62 டின். நூற்றுக்கு 8 உள்ளதற்குச் சுமார் 56. இரண்டுமே 98க்கு நன்றாகக் கீழே. வால்டின் புகழ்பெற்ற குறுக்குச் சூத்திரம் 58, 45 என்று இன்னும் குறைவாகச் சொல்லும். ஏனென்றால் எல்லையில் துல்லியமாக வந்து நிற்பதாக அது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் ஒரு குறை டின் 22 புள்ளியை ஒரேயடியாக இறக்குவதால் எல்லையைத் தாண்டி விழுகிறோம். அந்தத் தாண்டலுக்கு ஒரு பலனும் உண்டு: நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பும் அபாயம் ஒப்புக்கொண்ட 5 வீதத்துக்குப் பதில் 3 வீதத்துக்குச் சற்றுக் கீழே நிற்கிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. 98 டின் திட்டத்தில்கூட ஐந்தாவது பழுது கண்டவுடன் நிறுத்திவிடலாமே? தாராளமாக நிறுத்தலாம், முடிவு மாறாது. கெட்ட சரக்கில் அப்படி நிறுத்தினால் சராசரி 60 டின் அளவுக்கு வந்துவிடும். 56க்கும் அதற்கும் பெரிய தூரம் இல்லை. ஆனால் நல்ல சரக்கில் இந்த உத்தி கைகொடுக்காது. ஐந்து பழுது இனி வர முடியாது என்று சொல்ல 94 நல்ல டின்னைப் பார்த்தாக வேண்டும். நிலையான திட்டத்தால் சீக்கிரமாகக் குற்றம் சொல்ல முடியும், சீக்கிரமாக விடுவிக்க முடியாது. வால்டின் முறை இரண்டு பக்கமும் சீக்கிரம் முடிக்கிறது. நல்ல சரக்கே பெரும்பாலும் வரும் ஒரு வியாபாரத்தில் மிச்சம் உண்மையில் அங்கேதான் கிடைக்கிறது: சரக்குக்குச் சராசரியாக முப்பதுக்கு மேல் டின்.

98 ஏன் அவ்வளவு பெரிதாக இருக்கிறது என்பதும் இதிலிருந்து தெரியும். எண்ணை முன்கூட்டியே அறுதியிட்டால், மாதிரி குழப்பமாக அமையும் நாளுக்கும் அது போதுமானதாக இருக்க வேண்டும். தெளிவான சரக்குகளும் அந்தக் குழப்பமான நாளின் விலையைக் கொடுக்கின்றன. தொடர்முறையில் குழப்பமான சரக்கு மட்டும்தான் அதைக் கொடுக்கும்.

அந்த விலை சிறியதல்ல. பழுது நூற்றுக்கு 4 சொச்சம் என்று இரண்டுங்கெட்டானாக இருந்தால் நல்ல டின் ஏற்றுவதும் குறை டின் இறக்குவதும் சமமாகி, கணக்கு நடுவிலேயே அலையும். அப்போது சராசரி 92 டின் ஆகிவிடும், சில சரக்கு நூறையும் எளிதில் தாண்டும். 1948இல் வால்டும் ஜேக்கப் வொல்ஃபோவிட்ஸும் நிறுவியதுகூட, குறித்துக்கொண்ட நல்ல, கெட்ட அளவுகள் இரண்டிலும் இதைவிடக் குறைந்த சராசரியுள்ள சோதனை இல்லை என்பதைத்தான். நடுப்பகுதிக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அபாயங்களை இன்னும் இறுக்கிப் பிடித்தால் நடுவில் சராசரி நிலையான திட்டத்தையே மிஞ்சும்.

அதனால் நடைமுறையில் ஓர் உச்ச வரம்பு வைப்பார்கள். நிலையான திட்டத்தின் ஒன்றரை மடங்கு என்பது வழக்கமான அளவு. நமக்கு 147. அதுவரை முடிவு வராவிட்டால், 6 பழுது வரை ஏற்பது, 7 என்றால் திருப்புவது என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிட வேண்டும்.

இந்த முறை உண்மையில் கெட்டுப்போவது டின் எடுக்கும் ஒழுங்கில். 36 டின்னில் முடிவு வரலாம் என்பதால், அந்த முதல் 36 எங்கிருந்து வந்தது என்பதுதான் எல்லாம். கதவருகே இருக்கும் இரண்டு பெட்டியைப் பிரித்தால் ஒரே மணி நேரத்தில் ஒரே இயந்திரம் அடைத்த டின்களாக இருக்கக்கூடும். அவை எல்லாம் நல்லவையாக இருந்தால் மதிப்பெண் வேகமாக ஏறும், பின்னால் இருக்கும் நூறு பெட்டியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பழுதுகள் அடுத்தடுத்துக் கொத்தாக வந்து, பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே இல்லாமல் போவதுதான் இதன் அடையாளம். ஆகவே 147 டின்னுக்கும் பெட்டி எண், வரிசை எண் இரண்டையும் முதலிலேயே குலுக்கலில் எடுத்து, அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக அப்படியே பின்பற்ற வேண்டும். அடுத்த எண் அடுக்கின் அடியில் இருக்கிறது என்று வேலையாள் பக்கத்துப் பெட்டியைத் திறக்க விடக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஓடுவது சிரமம் என்றால் முதலில் 36 டின்னையும் சேர்த்து எடுத்து மேசையில் வைத்துக்கொள்ளலாம், பட்டியல் ஒழுங்கில் திறக்கும் வரை கணக்கு மாறாது. முடிவு முந்தி வந்து மிஞ்சிய டின்கள் மூடியபடியே பெட்டிக்குத் திரும்பலாம்.