இராஜினாமா கொடுத்தால் விசாரணை முடிந்துவிடாது

மட்டக்களப்பில் தொழில் தகராறுகளைக் கவனிக்கும் சட்டத்தரணியான என்னிடம், குற்றஞ்சாட்டப்பட்ட ஊழியர் மீதான பாலியல் தொந்தரவு முறைப்பாடு என்னவாயிற்று என்று கேட்கும்போது, நிறுவனங்களின் மனிதவளப் பிரிவினர் ஒரே பதிலைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: "அவர் விலகிவிட்டார், ஆகவே கோவையை மூடிவிட்டோம்." சென்ற மாதமும் அதே பதிலைக் கேட்ட பிறகு இதை எழுதாமலிருக்க முடியவில்லை.

உள்ளக விசாரணையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. நடந்தது என்ன என்று முடிவு காண்பது ஒன்று. தண்டனை விதிப்பது மற்றொன்று. விலகியவரைப் பணிநீக்கம் செய்யவோ பதவியிறக்கவோ முடியாது என்பது உண்மையே. ஆனால் முறைப்பாட்டையும் சாட்சியங்களையும் ஆராய்ந்து முடிவு காணும் தகுதியை நிறுவனம் அதனால் இழப்பதில்லை. மேலும், முன்னறிவித்தல் காலம் முடியும்வரை அவர் ஊழியரே. அந்த நாட்களில் அவரை விசாரணைக்கு அழைக்கலாம். வர மறுத்தால், குற்றச்சாட்டுகளைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பதிலளிக்கத் திகதி குறித்து, அதன் பின் கையிலுள்ள சான்றுகளைக் கொண்டு முடிவெழுதலாம்.

அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றி ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். தொண்டு நிறுவனமொன்றின் கள உத்தியோகத்தரான பெண், தனது திட்ட முகாமையாளர் இரவில் அனுப்பிய ஆபாசக் குறுஞ்செய்திகள் பற்றி முறைப்பாடு செய்தார். விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கையில் முகாமையாளர் இராஜினாமாச் செய்தார், கோவை மூடப்பட்டது. ஆனால் "பாதுகாப்புக்காக" அந்தப் பெண்ணை அம்பாறைக்கு மாற்றிய கடிதம் அப்படியே இருந்தது. முறைப்பாட்டுக் காலத்தில் அவர் எடுத்த லீவு சம்பளமற்றதாகவே பதியப்பட்டிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கு அடிப்படையான செயற்றிறன் மதிப்பீடு அதே முகாமையாளர் எழுதியது. முடிவு எழுதப்படாதவரை இவற்றைத் திருத்த நிர்வாகத்துக்குக் காரணமே இல்லை.

ஆகவே அந்தப் பெண் எழுத்தில் கேட்டார்: குறுஞ்செய்திகளையும் பெறப்பட்ட வாக்குமூலங்களையும் வைத்து முடிவு காணுங்கள், அதை எனக்கு எழுத்தில் அறிவியுங்கள், மதிப்பீட்டை வேறொருவர் மீண்டும் செய்யட்டும், லீவையும் இடமாற்றத்தையும் சீராக்குங்கள், விசாரணை நிலுவையில் இருக்கையில் விலகினார் என்று முகாமையாளரின் கோவையில் குறியுங்கள். முடிவு வந்தது, மதிப்பீடும் மாற்றப்பட்டது. கோவையில் இடவேண்டிய அந்தக் குறிப்பைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். தொண்டு நிறுவனங்களிடையே 2019இல் தொடங்கிய தகவல் பரிமாற்றத் திட்டமொன்றில், ஆட்சேர்க்கும் நிறுவனம் பாலியல் முறைகேடு பற்றி முந்தைய நிறுவனத்திடம் கேட்கும். கோவையில் எதுவும் இல்லையென்றால் சொல்லவும் எதுவும் இராது.

விலகியவரின் ஊழியர் சேமலாப நிதியை நிறுத்தும்படி மட்டும் கேட்காதீர்கள், அது நடக்காது. பணிக்கொடையை இழக்கச் செய்ய 1983ஆம் ஆண்டுச் சட்டம் மோசடி, நிதிக் கையாடல், சொத்துச் சேதம் போன்ற காரணங்களையே சொல்கிறது. தொந்தரவு அவற்றுள் இல்லை. ஏனைய சாட்சிகளின் வாக்குமூலப் பிரதிகளையும் பெரும்பாலும் தரமாட்டார்கள்.

பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் குற்றம். அவர் விலகினாலும் பொலிஸ் முறைப்பாட்டுக்கு அது தடையில்லை. குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். அலுவலகத் தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தால், அதற்கு முன் அவற்றைத் திகதியும் இலக்கமும் தெரியும்படி பிரதியெடுத்து விசாரணைக் குழுவிடம் கையளித்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.